நம்ம வீட்டு குரூப்: சர்வே முடிஞ்சும் நகராத கார் கிளெய்ம்

*ரேவதி, 9:04*
மாமா, காலையிலயே தொந்தரவு. கார் ஜூன் 3 இடிச்சது. 4-ம் தேதி இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிட்டோம், 5-ம் தேதி சர்வேயர் வந்து பார்த்துப் போட்டோ எடுத்துட்டுப் போயிட்டார். வொர்க்‌ஷாப் எஸ்டிமேட் 86,400. இன்னிக்கு ஜூலை 1. வொர்க்‌ஷாப்ல கேட்டா "அப்ரூவல் வரல". கம்பெனி கஸ்டமர் கேர்ல "அண்டர் பிராசஸ்". பாலிசி பேப்பர்ல சர்வே ரிப்போர்ட் வந்த 7 நாள்ல முடிவுன்னு தெளிவா இருக்கு. யாரைப் போய்ப் பிடிக்கிறது?

*கமலா பெரியம்மா, 9:07*
என்னடி ஆச்சு? யாருக்கு அடி? எந்த ஆஸ்பத்திரி?

*ரேவதி, 9:08*
யாருக்கும் ஒண்ணும் இல்ல பெரியம்மா. காருக்குத்தான். முன்பக்கம்.

*கமலா பெரியம்மா, 9:09*
அப்பாடா. ஆஸ்பத்திரி கிளெய்ம்னா டிஸ்சார்ஜ் அன்னிக்கு மூணு மணி நேரத்துல அப்ரூவ் பண்ணியாகணும்னு போட்டிருந்தாங்க, அதையே சொல்லு.

*பாலா, 9:15*
அது ஹெல்த்துக்கு பெரியம்மா. வண்டிக்கு 30 நாள் டைம் இருக்கு. அக்கா இன்னும் ரெண்டு மூணு நாள் பொறு. 30 தாண்டுனா நேரா கன்ஸ்யூமர் கோர்ட்டுதான்.

*சேகர் மாமா, 9:31*
பாலா சொல்ற 30 நாள் 2017 விதியில இருந்தது, பொய் இல்ல. ஆனா 2024-ல இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கற ஐஆர்டிஏஐ புது மாஸ்டர் சர்க்குலர் போட்டு அதைச் சுருக்கிடுச்சு. இப்ப தகவல் சொன்ன 24 மணி நேரத்துல சர்வேயரை ஒதுக்கணும், ஒதுக்கின 15 நாள்ல அவர் ரிப்போர்ட் தரணும், ரிப்போர்ட் கைக்கு வந்த 7 நாள்ல கம்பெனி முடிவு சொல்லணும். ரேவதி பேப்பர்ல இருக்கற 7 அதுதான்.

*சேகர் மாமா, 9:33*
ஆனா ஒண்ணு கவனி. அந்த 7 நாள் சர்வேயர் வண்டியைப் பார்த்த அன்னிக்கு ஆரம்பிக்காது. எஸ்டிமேட் கொடுத்த அன்னிக்கும் இல்ல. ரிப்போர்ட் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த தேதியில இருந்துதான். "சர்வே முடிஞ்சு 26 நாள் ஆச்சு"ன்னு எழுதுனா அவங்க சிரிச்சுட்டு "ரிப்போர்ட் இன்னும் வரல சார்"னு ஒரு வரியில முடிச்சுடுவாங்க. முதல்ல ரிப்போர்ட் போட்டாச்சா, எந்தத் தேதின்னு கண்டுபிடி.

*ரேவதி, 9:40*
அதை யார் சொல்வாங்க மாமா? கஸ்டமர் கேர்ல கேட்டா திரும்ப "அண்டர் பிராசஸ்"தான்.

*சேகர் மாமா, 9:44*
கஸ்டமர் கேர் வேண்டாம், அவங்களுக்குத் திரையில தெரியறது அவ்வளவுதான். சர்வேயருக்கே போன் பண்ணு. ஒதுக்கினப்ப வந்த எஸ்எம்எஸ்ல அவர் பேரும் நம்பரும் இருக்கும். கேக்க வேண்டியது மூணே கேள்வி. ரிப்போர்ட் அனுப்பியாச்சா, எந்தத் தேதி, ஏதாவது பேப்பர் பாக்கியா. சண்டை போடாம கேளு. அவர் நம்ம பக்கம் இல்லாட்டியும் தாமதம் அவர் தலையில விழக்கூடாதுன்னு பாப்பார், அதனால தேதி சொல்லிடுவார். போனை வச்சதும் "ரிப்போர்ட் இந்தத் தேதியில கொடுத்ததாகச் சொன்னீங்க, நன்றி"ன்னு அவருக்கு ஒரு மெசேஜ் போட்டு வை. நாளைக்கு அதுதான் உன் ஆதாரம்.

*மணி அண்ணன், 10:02*
குறுக்க வர்றேன். வொர்க்‌ஷாப்காரன் சைடுல ஒண்ணு பாக்கணும். பம்பரைக் கழட்டின பிறகு புதுசா டேமேஜ் ஏதாவது சொன்னாங்களா? முன்பக்கம் இடிச்ச வண்டில பாதிக்குப் பாதி ரேடியேட்டர் சப்போர்ட்டோ ஏசி கண்டென்சரோ உள்ள வளைஞ்சிருக்கும். வெளியில நின்னு பாத்தா தெரியாது.

*ரேவதி, 10:05*
ஆமாண்ணா! 11-ம் தேதி சொன்னாங்க. கண்டென்சர் லீக், சப்போர்ட் வளைஞ்சிருக்கு, இன்னும் 14,200 ஆகும்னு. சர்வேயருக்கு அனுப்பிட்டோம்னாங்க.

*மணி அண்ணன், 10:09*
எப்படி அனுப்புனாங்க? மெயில்லயா வாட்ஸ்அப்லயா? ரெண்டாவது எஸ்டிமேட்டை சப்ளிமெண்டரின்னு கிளெய்ம் நம்பரோட மெயில்ல போடணும், கழட்டின பாகத்தோட போட்டோவும் சேத்து. நம்ம ஆளுங்க வாட்ஸ்அப்ல ரெண்டு போட்டோ தட்டிவிட்டு முடிஞ்சதும்பாங்க. அங்க அது ஃபைல்ல ஏறவே ஏறாது. சர்வேயர் பாக்காம புதுசா பாகம் மாட்டிட்டாங்கன்னா அந்தப் பணம் போச்சு. பழைய கண்டென்சரைத் தூக்கிப் போட வேண்டாம்னு இப்பவே சொல்லு.

*பாலா, 10:12*
அப்ப இது வொர்க்‌ஷாப் தப்பு. கம்பெனி மேல எப்படி கேஸ் போடறது

*சேகர் மாமா, 10:16*
பாலா, உனக்கு எதுக்கெடுத்தாலும் கோர்ட்டு. முதல் எஸ்டிமேட்டுக்கு முடிவு சொல்ல சப்ளிமெண்டரி தடையில்லை. 86,400-க்கு எவ்வளவு ஒத்துக்கறாங்கன்னு சொல்லி வேலையைத் தொடங்க விடலாம், 14,200-ஐத் தனியா பாத்துக்கலாம்.

*ரேவதி, 12:48*
பேசிட்டேன். ரிப்போர்ட் ஜூன் 19-ம் தேதி ஏத்திட்டாராம். அதுல முதல் எஸ்டிமேட் மட்டும்தான். மணி அண்ணன் சொன்ன மாதிரியே சப்ளிமெண்டரி மெயில்ல வரலங்கறார், வாட்ஸ்அப் போட்டோ வந்துச்சாம். மெசேஜும் போட்டுட்டேன், "ஓகே மேடம்"னு பதில் வந்துருச்சு.

*சேகர் மாமா, 12:55*
அருமை. கணக்கு சரியாயிடுச்சு. 5-ம் தேதி அவரை ஒதுக்கினாங்கன்னா 20-க்குள்ள ரிப்போர்ட், அவர் 19-லயே கொடுத்துட்டார். அதுல இருந்து 7 நாள், ஜூன் 26. அஞ்சு நாள் தாண்டிடுச்சு. இனி கம்பெனிக்கு எழுது. போன் வேண்டாம், மெயில். கிளெய்ம் டிபார்ட்மென்ட்டுக்கும், பாலிசியோட கடைசிப் பக்கத்துல இருக்கற குறைதீர்ப்பு அதிகாரி முகவரிக்கும் ஒரே மெயில்.

*சேகர் மாமா, 1:10*
இப்படி எழுது, நம்பரை மட்டும் நிரப்பிக்கோ:

"கிளெய்ம் எண் ____, பாலிசி எண் ____, வாகன எண் ____. விபத்து 3 ஜூன், தகவல் 4 ஜூன், ஆய்வு 5 ஜூன். சர்வேயர் தம் அறிக்கையை 19 ஜூன் அன்று சமர்ப்பித்ததாகத் தெரிவித்துள்ளார். பாலிசி நிபந்தனைப்படியும் ஐஆர்டிஏஐ 2024 மாஸ்டர் சர்க்குலர்படியும் 26 ஜூனுக்குள் முடிவு தெரிவித்திருக்க வேண்டும். இதுவரை எழுத்தில் எந்தப் பதிலும் இல்லை. (1) அறிக்கை உங்களுக்குக் கிடைத்த தேதி, (2) ஒப்புக்கொண்ட தொகை, (3) ஏதேனும் ஆவணம் பாக்கி என்றால் அதன் பெயர், இம்மூன்றையும் எழுத்தில் தெரிவிக்கவும். சர்வேயர் அறிக்கையின் நகலும் தரவும். தாமதத்துக்கான வட்டியைக் கோரும் உரிமை எனக்கு உண்டு."

மூணாவது கேள்விதான் முக்கியம். "டாக்குமெண்ட் பெண்டிங்"னு பொதுவா சொல்லித்தான் இழுப்பாங்க. பேரைச் சொல்லுன்னு எழுத்துல கேட்டுட்டா, ஒண்ணு பேரைச் சொல்லணும், இல்ல பாக்கி இல்லன்னு ஒத்துக்கணும்.

*ரேவதி, 1:16*
வட்டி எவ்வளவு மாமா வரும்?

*சேகர் மாமா, 1:20*
வங்கி விகிதத்துக்கு மேல 2 சதவீதம். வங்கி விகிதம் 6.5-ன்னு வச்சா 8.5 ஆகுது. 60,000 ரூபாய்க்கு ஒரு நாளைக்கு பதினாலு ரூபா. பணத்துக்காக அதை எழுதல, நமக்கு விதி தெரியும்னு அவங்களுக்குத் தெரியட்டும்.

*ரேவதி, 1:22*
60,000-ஆ? எஸ்டிமேட் 86,400 ஆச்சே.

*சேகர் மாமா, 1:29*
பாகத்துக்குத் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் எடுத்திருக்கியா?

*ரேவதி, 1:30*
இல்ல. பிரீமியம் ஜாஸ்தின்னு போன வருஷம் விட்டுட்டோம்.

*சேகர் மாமா, 1:36*
அப்ப முழுசா வராது. 60,000 நான் குத்துமதிப்பா சொன்னது. பிளாஸ்டிக் பாகத்துல பாதி கழிப்பாங்க, பம்பர் 7,000-னா 3,500. உங்க வண்டி 2022 ஜனவரி, மூணு வருஷம் தாண்டியாச்சு, தகர பாகத்துக்கு 25 சதவீதம் கழியும், 11,000 பானெட்டுல 2,750 போச்சு. கண்ணாடிக்குக் கழிவு இல்ல. அது போக உங்க மாதிரி சின்ன இன்ஜின் காருக்கு கட்டாயக் கழிவு 1,000. இந்த வித்தியாசத்தை வொர்க்‌ஷாப்புக்கு நீதான் கட்டணும். "குறைச்சுட்டாங்க"ன்னு புகார் எழுதறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்துக்கோ. அதுக்குத்தான் அறிக்கை நகல்.

*கமலா பெரியம்மா, 1:41*
எங்க பக்கத்து வீட்டுல வண்டி திருட்டுப் போச்சு, ஆறு மாசமா அலையறாங்க. அதுக்கும் 7 நாளா?

*சேகர் மாமா, 1:45*
திருட்டு வேற கதை அக்கா. போலீஸ் கண்டுபிடிக்க முடியலன்னு அறிக்கை தரணும், ரெண்டு சாவியும் வேணும். அதைச் சாயங்காலம் பேசலாம், இங்க குழம்பிடும்.

*பாலா, 2:03*
மெயிலுக்கும் பதில் வரலைன்னா? அதான் நான் சொன்ன கோர்ட்டு.

*சேகர் மாமா, 2:11*
நடுவுல படி இருக்கு தம்பி. குறைதீர்ப்பு அதிகாரிக்கு 14 நாள் கெடு. அதுக்குள்ள பதில் இல்லாட்டியோ, பதில் பிடிக்கலைன்னாலோ bimabharosa.irdai.gov.in-ல புகார் போடலாம், 155255-க்கு போன்லயும் சொல்லலாம். ஒரு டோக்கன் நம்பர் வரும், புகார் கம்பெனிக்கே போகும், ஆனா ஐஆர்டிஏஐ கண்ணுல இருக்கும். பல ஃபைல் இந்த இடத்துலயே நகர்ந்துடும். அதுவும் சரிவரலைன்னா, கோர்ட்டுக்குப் போகாமலே இன்சூரன்ஸ் புகாரை விசாரிச்சுத் தீர்த்து வைக்கற ஆம்புட்ஸ்மேன். கம்பெனிக்கு எழுதி ஒரு மாசம் பதில் இல்லன்னாலே போகலாம், கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், தாமதம் மட்டுமே புகாரா இருந்தாலும் எடுத்துப்பாங்க. நம்ம மதுரைக்கும் சென்னை அலுவலகம்தான், ஆன்லைன்லயே போடலாம். கோர்ட்டுல கேஸ் போட்டுட்டா அதே விஷயத்துக்கு ஆம்புட்ஸ்மேன் கிட்டப் போக முடியாது. அதனால்தான் உன்னை நிறுத்தறேன்.

*மணி அண்ணன், 2:20*
மாமா, ஒரு சந்தேகம். கேஷ்லெஸ்ல சர்வேயர் ரெண்டு தடவை வருவார். ரிப்பேர் முடிஞ்சு பில்லு போட்டதும் திரும்பப் பாத்துட்டு அப்புறம்தான் ஃபைனல் ரிப்போர்ட்டு. கம்பெனி "19-ம் தேதி வந்தது ஃபைனல் இல்ல, 7 நாள் இன்னும் தொடங்கல"ன்னா?

*சேகர் மாமா, 2:34*
சொல்வாங்க மணி, அது அவங்களுக்கு வசதியான பதில். என் நிலைப்பாடு என்னன்னா, 15 நாள் கெடு ஒதுக்கின தேதியில இருந்து ஓடுது, ரிப்பேர் முடியற தேதிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அப்ரூவல் அவங்களே தராம வேலை நிக்குது, அதையே காட்டி கெடு தொடங்கலைங்கறது நியாயம் இல்ல. ஆனா ஆம்புட்ஸ்மேன் இதை எப்படிப் பாப்பாருன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். அதனாலதான் மெயில்ல முதல் கேள்வியாவே அறிக்கை கிடைச்ச தேதியைக் கேக்கறேன். ஃபைனல் இல்லன்னா அவங்களே எழுதட்டும்.

*மணி அண்ணன், 2:37*
எழுத மாட்டாங்க மாமா.

*சேகர் மாமா, 2:38*
எழுதாததும் ஒரு பதில்தான் மணி. 14 நாள் கழிச்சு அது புகார்ல முதல் வரி.

*ரேவதி, 4:52*
மெயில் போட்டாச்சு. சப்ளிமெண்டரியும் வொர்க்‌ஷாப் என் கண்ணு முன்னாடியே மெயில்ல அனுப்பிட்டாங்க, எனக்கும் காப்பி வந்துருச்சு. பழைய கண்டென்சர் கார் டிக்கில பத்திரமா இருக்கு. வொர்க்‌ஷாப்ல ஒரு திருப்தி வவுச்சர்ல இப்பவே கையெழுத்து கேக்கறாங்க மாமா, போடலாமா?

*சேகர் மாமா, 4:54*
வண்டி ரெடியாகி, ஓட்டிப் பாத்து, தொகையும் எழுதின பிறகு போடு. வெறும் பேப்பர்ல போடாதே.

*கமலா பெரியம்மா, 5:01*
வண்டி இல்லாம சனிக்கிழமை கோயிலுக்கு எப்படிடி போறது

*பாலா, 5:02*
நான் கூட்டிட்டுப் போறேன் பெரியம்மா.