ட்ரூ பீக்: மெய்யுச்சமா, மெய்ம்முகடா?

செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

ஒலித்தொகுப்புச் செயலி ஒன்றின் ஏற்றுமதிச் சாளரத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் பாடிப் பதிந்த பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்புகிறவர்கள் கடைசியாகத் தொடும் சாளரம் இதுதான். அதில் லிமிட்டர், சீலிங், ட்ரூ பீக், ஹெட்ரூம் என்று நான்கு சொற்கள் வருகின்றன. லிமிட்டருக்கு 'மட்டுப்படுத்தி' என்று வைத்துவிட்டேன். சீலிங்குக்கு 'உச்சவரம்பு' பொருந்துகிறது. நில உச்சவரம்பு என்று எல்லோருக்கும் பழகிய சொல், இதற்கு மேல் போகக்கூடாது என்ற பொருளும் அப்படியே கிடைக்கிறது.

சிக்கல் ட்ரூ பீக்கில்தான். 'உண்மை உச்சம்' என்று போட்டேன். சோதித்துப் பார்த்த ஒருவர், "அப்படியானால் பக்கத்தில் வெறும் 'உச்சம்' என்று இருக்கிறதே, அது பொய்யா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. ஹெட்ரூமுக்கும் நல்ல சொல் வேண்டும்.

பாரி எழுதியது:

செல்வி, இரண்டுக்கும் 'உச்ச அளவு' என்றே போடுங்கள். வேறுபாடு ஒரு டெசிபெல்கூட இருக்காது. தளங்கள் எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. ஸ்பாட்டிஃபை −14 LUFS-க்கு இறக்கும். நம் பாட்டு −9-இல் இருந்தால் 5 டெசிபெல் தானாகக் குறையும். அதற்குப் பிறகு உச்சம் எங்கே இடிக்கப்போகிறது? பயனருக்கு இரண்டு எண்களைக் காட்டிக் குழப்புவானேன்?

இளங்கோ எழுதியது:

பாரி, தளம் இறக்கும் என்பது சரி. ஆனால் எந்த இடத்தில் இறக்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் செல்வியின் கேள்வி.

ஊஞ்சல் ஒன்று ஆடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழு ஆட்டத்துக்குச் சரியாக நான்கு படம் எடுக்கிறோம். நான்கும் ஊஞ்சல் கோடிக்குப் போவதற்குச் சற்று முன்பும், திரும்பிய சற்றுப் பின்பும் விழுகின்றன. படங்களை மட்டும் பார்ப்பவர் ஊஞ்சல் அவ்வளவு தூரம்தான் போகிறது என்பார். படத்தில் இருப்பது பொய்யில்லை. ஆனால் கோடிக்குப் போன கணத்தில் படம் எடுக்கவில்லை.

ஒலிக்கோப்பில் இருப்பவை இந்தப் படங்கள்தாம். விநாடிக்கு 48,000 மாதிரி எடுக்கும் கோப்பில் 12,000 ஹெர்ட்ஸ் ஒலி இருந்தால், அதன் ஓர் அலைக்கு நான்கு மாதிரிகள்தாம். அவை நடுவாகத் தவறி விழுந்தால் அலையின் உண்மையான உயரத்தில் 71 விழுக்காட்டைத்தான் தொடும். அந்த மாதிரிகள் டிஜிட்டல் அளவின் மேல் எல்லையான பூச்சியத்தைத் தொடும்வரை ஏற்றிவிட்டு 'உச்சம் 0' என்று நாம் நிம்மதியாக இருப்போம். ஒலிபெருக்கிக்குப் போகும் வழியில் அலை மறுபடி தொடர்ச்சியாக உருவாகும்போது அது 3 டெசிபெல் மேலே போகும். இது பாடப்புத்தகக் கணக்கு. வீட்டில் பதிந்து, லிமிட்டரை நன்றாக அழுத்திய பாட்டில் அரை டெசிபெலிலிருந்து ஒன்றரை வரை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஆகவே ஒன்று மாதிரிகளின் உச்சம், மற்றது அலையின் உச்சம். பொய்யும் மெய்யும் அல்ல. சாதாரண லிமிட்டர் முதலாவதை மட்டும் பார்த்து வேலை செய்கிறது.

ரஃபீக் எழுதியது:

ஹெட்ரூம் எப்போதும் 6 டெசிபெல் விட வேண்டும் என்றுதான் படித்திருக்கிறேன். நான் குரல் பதியும்போது அப்படித்தான் விடுகிறேன். அதனால் 'பதிவு இடைவெளி' என்று வைக்கலாமே?

என் சங்கதி ஒன்று. போன மாதம் கிட்டாரும் குரலும் மட்டும் உள்ள பாட்டு ஒன்றை ஏற்றினேன். லிமிட்டரின் சீலிங் −0.1. மீட்டரும் −0.1 என்றே காட்டியது, சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. ஆனால் தளத்தில் கேட்டால் சரணத்தில் குரல் ஏறும் இடத்தில் லேசாகக் கரகரக்கிறது. என் கோப்பில் அது இல்லை. மைக் பழுதா?

இளங்கோ எழுதியது:

ரஃபீக், மைக் பழுதென்றால் உங்கள் கோப்பிலும் கேட்டிருக்கும். நீங்கள் சொல்லும் 6 டெசிபெல் வேறு விஷயம். பாடுகிறவர் அடுத்த வரியில் எவ்வளவு உரக்கப் பாடுவார் என்று தெரியாததால் பதிவில் விடும் இடம் அது. இங்கே பேசுவது பாட்டு முடிந்தபின், தளத்தின் சுருக்கத்துக்காக விடும் இடம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லாகிப்போனதால் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருகிறது. தமிழில் நாம் பிரித்துவிட்டால் நல்லது.

உங்கள் கோப்பை இப்படிச் சோதித்துப் பாருங்கள். முதலில் இருப்பதை அளக்கவும். பிறகு குறைந்த பிட்ரேட்டில் சுருக்கி, அதை அளக்கவும்.

```
ffmpeg -i song.wav -af ebur128=peak=true -f null -
ffmpeg -i song.wav -c:a libvorbis -b:a 96k test.ogg
ffmpeg -i test.ogg -af ebur128=peak=true -f null -
```

கடைசியில் வரும் தொகுப்பறிக்கையில் `True peak` என்பதன் கீழுள்ள `Peak` எண்ணையும், `I` எண்ணையும் அனுப்புங்கள்.

ரஃபீக் எழுதியது:

முதல் கோப்பு: சத்த அளவு −9.4 LUFS, ட்ரூ பீக் +0.8. சுருக்கிய கோப்பு: ட்ரூ பீக் +1.9. −0.1 என்று பூட்டிவைத்தது எப்படி +1.9 ஆகும்?

இளங்கோ எழுதியது:

இரண்டு படிகளில் ஏறியிருக்கிறது. −0.1-இலிருந்து +0.8 வரை ஏறியது ஊஞ்சல் கணக்கு. அது உங்கள் கோப்பிலேயே ஒளிந்திருந்தது. அங்கிருந்து +1.9 வரை ஏற்றியது சுருக்கம். வோர்பிஸ், ஏஏசி போன்றவை காதுக்குத் தெரியாது என்று கருதும் நுணுக்கங்களைத் தோராயமாக எழுதுகின்றன. அப்போது அலையின் வடிவம் சற்று மாறும். லிமிட்டர் தட்டையாகச் சீவிய தலைகள் மறுபடி கூர்மையாக முளைக்கும். பிட்ரேட் குறையக் குறைய இது கூடும், அதனால்தான் 96-இல் சோதிக்கச் சொன்னேன்.

இப்போது பாரிக்கு. சுருக்கத்தை விரித்து, கிடைத்த எண்களைத் தசம எண்களாகவே வைத்துக்கொண்டு, அதன்பின் தளம் சத்தத்தைக் குறைத்தால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. +1.9 கீழே வந்துவிடும், ஒன்றும் வெட்டுப்படாது. விரிக்கும்போதே முழு எண்களாக்கிவிட்டால் பூச்சியத்துக்கு மேலிருந்தது அங்கேயே வெட்டுப்படும். பிறகு எவ்வளவு குறைத்தாலும் வெட்டிய தலை திரும்பாது. கேட்பவர் சத்தச் சமனாக்கத்தை அணைத்துவைத்திருந்தாலும் அதே கதைதான். எந்தக் கருவி எதைச் செய்யும் என்பது நம் கையில் இல்லை. ஓரிரு மாதிரி மட்டும் வெட்டுப்பட்டால் பெரும்பாலும் காதுக்கு எட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீட்டிப் பாடும் குரலில் வரிசையாக வெட்டும்போதுதான் ரஃபீக் கேட்ட கரகரப்பு வரும்.

மீனாட்சி எழுதியது:

பிள்ளைகளே, நான் ஒலிப்பொறியாளர் இல்லை, தமிழ் படித்தவள். ஆனால் ஊஞ்சல் புரிந்தது.

சீலிங்குக்கு 'உச்சவரம்பு' என்று வைத்தபின் பீக்குக்கும் 'உச்சம்' என்று வைத்தால் இரண்டும் மோதும். "உச்சம் உச்சவரம்பைத் தாண்டியது" என்ற வரியைப் பயனர் இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கும். அலைக்கு மேலுள்ள மேட்டைப் பள்ளிப் பாடத்திலேயே 'முகடு' என்கிறோம், கீழே 'அகடு'. அதையே எடுத்தால் மாதிரிமுகடு, மெய்ம்முகடு என்று இரண்டும் தெளிவாகப் பிரியும். மெய்ம்மயக்கம் என்று இலக்கணத்தில் எழுதுவதுபோல மகரம் இரட்டிக்கும். 'பொய்யா' என்ற கேள்வியும் எழாது, ஏனென்றால் எதிரில் நிற்பது 'மாதிரி'.

இளங்கோ எழுதியது:

முகடு மிகவும் பிடித்திருக்கிறது அம்மா. 'மெய்' மட்டும் உறுத்துகிறது. மீட்டரும் அலையை நேரில் பார்ப்பதில்லை. ITU-R BS.1770 சொல்லும் முறையில், 48,000 மாதிரிக் கோப்பை நான்கு மடங்காக்கி இடைப்பட்ட புள்ளிகளைக் கணக்கிட்டு அதில் பெரியதை எடுக்கிறது. அதற்குப் பிறகும் மிக உயர்ந்த அதிர்வெண்ணில் கிட்டத்தட்ட 0.7 டெசிபெல் வரை குறைத்துக் காட்ட இடமுண்டு. பாட்டில் அந்தப் பகுதியில் பெரிய சத்தம் இருப்பதில்லை, நடைமுறையில் பிழை சிறியதுதான். ஆனாலும் கணித்த எண்ணை 'மெய்' என்பதா? 'இடைமுகடு' என்றால் மாதிரிகளுக்கு இடையில் இருப்பது என்று வேலையையே சொல்லும்.

மீனாட்சி எழுதியது:

அலையின் மேடு சரியாக ஒரு மாதிரியின் மேலேயே விழுந்தால்? அதை இடைமுகடு என்று எப்படிச் சொல்வது?

இளங்கோ எழுதியது:

அது சரிதான். அப்படியும் விழும். அளவின் பெயர் 'மெய்ம்முகடு' ஆகட்டும். இடையில் ஒளிந்து நிற்கும் மேட்டைத் தனியாகச் சொல்ல வேண்டிய உதவிப் பக்கத்தில் மட்டும் 'இடைமுகடு' வரட்டும். 'மெய்' பற்றிய என் தயக்கம் தீர்ந்துவிடவில்லை, ஆனால் இதைவிட நல்லது என்னிடம் இல்லை.

ஹெட்ரூமுக்கு 'காப்பிடம்' என்று யோசித்தேன். சுருக்கத்திலிருந்து காக்க விட்ட இடம்.

பாரி எழுதியது:

காப்பிடுதல் என்றால் மின்கம்பிக்கு உறை போடுவது. ஒலிக்கருவிக்காரர்கள் முதலில் அப்படித்தான் படிப்பார்கள். 'மேலிடம்' என்றால் கட்சித் தலைமை. 'மேல்வெளி' பரவாயில்லை, ஆனால் ரஃபீக் சொன்ன பதிவு ஹெட்ரூமுக்கும் அதுவே பொருந்திவிடும்.

இரண்டு எண்களையும் காட்ட வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் பழைய பாட்டு மூன்றை அளந்தேன், மூன்றிலும் மெய்ம்முகடு பூச்சியத்துக்கு மேலே.

ரஃபீக் எழுதியது:

எனக்கு மெய்ம்முகட்டு லிமிட்டர் வாங்க வேண்டுமா? என்னிடம் இருப்பதில் அந்தப் பொத்தான் இல்லை.

இளங்கோ எழுதியது:

வேண்டாம் ரஃபீக். லிமிட்டருக்குப் பின்னால் மொத்த அளவை இறக்கினால் போதும். மெய்ம்முகடு +0.8 என்றால் 1.8 இறக்கினால் −1.0. அலையின் வடிவம் மாறாது, எதுவும் புதிதாக அமுங்காது. சத்தம் −11.2 ஆகும். அதுவும் −14-க்கு மேலேதான் என்பதால், சமனாக்கம் இயங்கும் இடத்தில் கேட்பவருக்கு வேறுபாடே தெரியாது. 48,000-இலிருந்து 44,100-க்கு மாற்றுவதாக இருந்தால் மட்டும், அதை முடித்துவிட்டு அளந்து பாருங்கள். மாதிரிகள் வேறு இடங்களில் விழுவதால் மாதிரிமுகடு மாறியிருக்கும்.

ரஃபீக் எழுதியது:

1.8 இறக்கி 96-இல் சுருக்கினேன். +0.1 காட்டுகிறது. இன்னும் மேலேதான் இருக்கிறது.

இளங்கோ எழுதியது:

சுருக்கம் உங்கள் பாட்டில் 1.1 ஏற்றுகிறது, அது அப்படியே தொடரும். −14-ஐவிட உரத்த பாட்டென்றால் −2-க்குக் கீழே வைக்கச் சொல்லி ஸ்பாட்டிஃபையே எழுதியிருப்பது இதற்காகத்தான். இன்னும் 1 இறக்குங்கள்.

செல்வி எழுதியது:

இப்போதைக்கு 'உச்சவரம்பு', 'மாதிரிமுகடு', 'மெய்ம்முகடு' மூன்றையும் பதிந்துவிட்டேன். ஹெட்ரூம் இருக்கும் இடத்தில் சொல்லே போடாமல், "சுருக்கத்துக்காக விடும் அளவு" என்று நீட்டி எழுதியிருக்கிறேன். பெட்டிக்குள் அடங்கவில்லை, இரண்டு வரியாக மடிகிறது. குறுகிய சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

ரஃபீக் எழுதியது:

−2.0-இல் ஏற்றுமதி செய்தேன், சுருக்கியபின் −0.9. சரணத்தைக் காதுபொறி மாட்டி நான்கு முறை கேட்டேன், கரகரப்பு இல்லை. செல்வி அக்கா, 'விடுவெளி' என்றால் அடங்குமா?