அப்பா அம்மாவை நிரந்தரமா டொரண்டோவுக்குக் கூட்டிட்டுப் போகணும், அவசரம்

நங்கநல்லூர்ப் பொண்ணு: வணக்கம். இப்ப சென்னையில இருக்கேன். அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார்னு போன் வந்ததும் ஓடி வந்தேன். எலும்பு தப்பிச்சுது. ஆனா ஆஸ்பத்திரியில பி.பி. மாத்திரையை மாத்திட்டாங்க. அம்மாவால தனியா சமாளிக்க முடியாது, நான் ஒரே பொண்ணு. அடுத்த வாரம் டொரண்டோ திரும்பணும். ரெண்டு பேரையும் நிரந்தரமா கூட்டிட்டுப் போக என்ன பண்ணணும்?

சிட்னி ரவி: 143 விசா போடாதீங்கம்மா. தலைக்கு 48,000 டாலர் கிட்ட ஆகும், அதுவும் பத்து வருஷத்துக்கு மேல வரிசையில நிக்கணும். 870 போடுங்க, அஞ்சு வருஷம் கிடைக்கும்.

பிராம்ப்டன் கார்த்தி: அண்ணா, அது ஆஸ்திரேலியா. அவங்க இருக்கிறது கனடா.

ஸ்கார்பரோ செல்வம்: தங்கச்சி, வருஷா வருஷம் ஸ்பான்சர் குலுக்கல் நடக்கும், பேரைக் குடுத்துடுங்க. என் அம்மாவை அப்படித்தான் எடுத்தேன். அம்மா வந்தது ஜனவரியில. பேஸ்மென்ட் வீடு, நான் ராத்திரி ஷிப்ட். மூணு மாசம் வெளிச்சமே பார்க்காம அழுதாங்க. குளிர்காலத்துல மட்டும் கூட்டிட்டு வராதீங்க.

மடிப்பாக்கம் கீதா: செல்வம் அண்ணா, இப்ப புதுசா பேர் குடுக்க வழியில்ல. 2020-ல படிவம் போட்டவங்க பட்டியல்லேருந்துதான் அதுக்கப்புறம் அழைப்பு அனுப்பிட்டு இருந்தாங்க. 2025-ல 10,000 விண்ணப்பம் வாங்குறதுக்காக 17,860 பேரைக் கூப்பிட்டாங்க, எல்லாரும் அந்தப் பழைய பட்டியல்தான். நங்கநல்லூர்ம்மா, முக்கியமான ஒண்ணை நீங்க சொல்லல. உங்க பேர்ல பி.ஆர். இருக்கா? இல்ல, வேலை பெர்மிட்டா? வீட்டுல எத்தனை பேர்?

பிராம்ப்டன் கார்த்தி: எதுக்கு இவ்வளவு? சாதாரண விசிட்டர் விசாவே பத்து வருஷத்துக்குத் தர்றாங்க. ஆறு மாசம் இருந்துட்டு நீட்டிக்கலாம்.

மடிப்பாக்கம் கீதா: விசா பத்து வருஷம் வரைக்கும் கிடைக்கலாம், கார்த்தி. ஆனா ஒரு தடவை போனா வழக்கமா ஆறு மாசம்தான் தங்கலாம். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் மறுபடி விண்ணப்பம், அதிகாரி மறுக்கவும் செய்யலாம். விழுந்து எழுந்தவரை வச்சுக்கிட்டு அப்படிக் காத்திருக்க முடியாது. அப்பா அம்மா, தாத்தா பாட்டிக்குன்னே இருக்கிற சூப்பர் விசாவுல ஒரு நுழைவுக்கே அஞ்சு வருஷம் தங்கலாம். அதுக்குப் பிள்ளையோ பேரப்பிள்ளையோ பி.ஆர்., இல்ல சிட்டிசனா இருக்கணும். மாப்பிள்ளைக்கு மட்டும் இருந்தா போதாது.

நங்கநல்லூர்ப் பொண்ணு: மன்னிக்கணும், பதட்டத்துல எழுதினேன். எனக்கும் வீட்டுக்காரருக்கும் பி.ஆர். உண்டு, ஒரு பையன். போன மார்ச்சுலதான் போனோம். ஒரு முழு வருஷ வரிக் கணக்கு இன்னும் இல்ல. அதனால மறுத்துடுவாங்களா?

மடிப்பாக்கம் கீதா: அதனால மட்டும் மறுக்க மாட்டாங்க. நீங்க மூணு பேர், அப்பா அம்மா ரெண்டு பேர், ஆக அஞ்சு பேர் கணக்கு. 2025 பட்டியல்படி வருஷத்துக்கு 64,000 டாலருக்குக் கொஞ்சம் மேல காட்டணும். வீட்டுக்காரர் சேர்ந்து கையெழுத்துப் போட்டா ரெண்டு சம்பளத்தையும் கூட்டிக்கலாம். வரிக் கணக்கு இல்லைன்னா, சம்பளமும் சேர்ந்த தேதியும் போட்ட கம்பெனிக் கடிதம், சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் வைங்க. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி இன்சூரன்ஸ். ஒவ்வொண்ணும் குறைஞ்சது 1,00,000 டாலருக்கு, ஒரு வருஷத்துக்கு.

உங்க அப்பா விஷயத்துல சிக்கல் அந்த இன்சூரன்ஸ்தான். மாத்திரை மாறினா அந்த வியாதியை "ஸ்திரமில்லை"ன்னு எடுத்துக்குவாங்க. பாலிசி தொடங்குற நாளுக்கு முன்னாடி 90 நாளோ 180 நாளோ டோஸ் மாறாம இருக்கணும். கம்பெனியையும் வயசையும் பொறுத்து அது மாறும். இப்பவே கூட்டிட்டுப் போய், அங்க பி.பி. ஏறி அட்மிட் பண்ணினா பணம் தர மாட்டாங்க. பாலிசி கையில இருக்கும், விசாவும் வந்திருக்கும், பில் மட்டும் உங்க தலையில விழும். டிஸ்சார்ஜ் சம்மரியில மாத்திரை மாறின தேதி இருக்கும், அதுலேருந்து எண்ணுங்க. அரசு ஹெல்த் கார்டும் அவங்களுக்குக் கிடையாது.

ஸ்கார்பரோ செல்வம்: கார்டு இருக்கிற எங்களுக்கே எமர்ஜென்சியில எட்டு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கு.

பிராம்ப்டன் கார்த்தி: குடும்ப டாக்டரே கிடைக்கலை. வரி மட்டும் சரியா பிடிக்கிறாங்க.

அடையாறு வசந்தா: எனக்கு 71 வயசு. மகன் கூப்பிட்டு ஒரு வருஷம் அங்க இருந்துட்டு வந்தேன். உங்க அம்மாகிட்ட கேட்டியாம்மா? இங்க பகலுக்கு ஒரு ஆள் போட்டா சமாளிக்கலாமே.

நங்கநல்லூர்ப் பொண்ணு: அம்மா வர்றேங்கிறாங்க. அப்பாதான் வாயே திறக்கல, ஆன்ட்டி.

மடிப்பாக்கம் கீதா: அதை வீட்டுல பேசி முடிவு பண்ணுங்க. கிளம்புறதுக்குள்ள பாஸ்போர்ட் ரெண்டையும் பாருங்க. காலாவதி தேதியைத் தாண்டி விசா தர மாட்டாங்க. ரெண்டு வருஷம்தான் பாக்கின்னா முதல்ல புதுப்பிச்சுடுங்க. அமிஞ்சிக்கரை, சாலிகிராமம், தாம்பரம் சேவா கேந்திரத்துல எங்க சீக்கிரம் ஸ்லாட் இருக்கோ அங்க போங்க. மெடிக்கல் டெஸ்டை நம்ம குடும்ப டாக்டர்கிட்ட எடுத்தா செல்லாது, கனடா அங்கீகரிச்ச டாக்டர்தான் செய்யணும், சென்னையிலேயே இருக்காங்க. டொரண்டோவுல இறங்கினதும் கவுன்டர்லேயே "சூப்பர் விசா"ன்னு சொல்லி, தங்குற தேதியைப் பாஸ்போர்ட்டுல எழுதி வாங்கச் சொல்லுங்க. வெளியே வந்தப்புறம் திருத்தறது பெரும்பாடு.

நங்கநல்லூர்ப் பொண்ணு: அப்பா பாஸ்போர்ட் 2027-ல முடியுது, அக்கா. நாளைக்கே ஸ்லாட் பார்க்கிறேன். சுகர் மாத்திரையையும் அடுத்த செக்கப்ல மாத்தலாம்னு டாக்டர் சொன்னார். அப்ப நாள் கணக்கை மறுபடி முதல்லேருந்து எண்ணணுமா?

மடிப்பாக்கம் கீதா: சுகருக்கு மட்டும் ஆமா, பி.பி.க்குப் பழைய கணக்கேதான். சில கம்பெனி டோஸைக் குறைச்சாக்கூட மாற்றம்னு சொல்லும். வாங்குறதுக்கு முன்னாடி அதை ஈமெயில்ல எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமா வச்சுக்குங்க.