கடைசி 8 பேர் ஏறினார்கள், முதல் 8 பேர் இறங்கினார்கள்: ஸ்பெஷல் கிளாஸ் காரணமா?

சாக்பீஸ்: எட்டாம் வகுப்பு கணக்கு, 40 பேர். முதல் தேர்வில் கடைசி 8 பேரின் சராசரி 40. மூன்று வாரம் ஸ்பெஷல் கிளாஸ் வைத்ததும் அடுத்த தேர்வில் 47. முதல் 8 பேரோ 80-லிருந்து 74. வகுப்புச் சராசரி இரண்டு முறையும் 60தான். கிளாஸ் பலித்தது, முதல் வரிசைக்கு மெத்தனம் வந்துவிட்டது என்று சொல்லலாமா?

கறார்வாத்தியார்: தாராளமாக. 7 மார்க் சும்மா ஏறாது.

விடைத்தாள்: சும்மாவே ஏறும் சார். அன்றைக்குப் படித்த கணக்கே வந்தது, கூட்டலில் சறுக்கியது எல்லாம் மார்க்கில் கலந்திருக்கும். 80 வாங்கியவர்களில் உண்மையில் 75 தரத்தில் இருந்து அதிர்ஷ்டத்தால் ஏறியவர்கள், 85 தரத்தில் இருந்து சறுக்கியவர்களைவிட அதிகம். ஏனென்றால் வகுப்பில் 75 தரத்துப் பிள்ளைகளே அதிகம். அடுத்த தேர்வில் அந்த அதிர்ஷ்டம் கூடவே வராது. கீழே இதே கதை தலைகீழாக.

இரண்டு தேர்வு மார்க்கும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்தான் ஒட்டுறவு. அது 0.7, மார்க்கின் பரவலும் ஏறக்குறைய ஒன்றே என்றால், எதுவும் செய்யாமலே கடைசி 8 பேர் 60 + 0.7 × (40 − 60) = 46. முதல் 8 பேர் 60 + 0.7 × 20 = 74. ஏறக்குறைய உங்கள் எண்களேதான்.

கறார்வாத்தியார்: அப்படியானால் நாலைந்து தேர்வில் எல்லாரும் 60-க்கு வந்து நிற்க வேண்டுமே?

விடைத்தாள்: வராது. நடுவிலிருந்து வேறு பிள்ளைகள் ஓரத்துக்குப் போவார்கள். திருப்பிப் பாருங்கள்: இரண்டாம் தேர்வின் முதல் 8 பேரை எடுத்து, அவர்கள் முதல் தேர்வில் வாங்கியதைக் கூட்டுங்கள். மெத்தனம் பின்னோக்கி வேலை செய்யாதே.

நெல்லை_அம்மா: என் பையன் 96 எடுத்தான், அடுத்து 84. திட்டியது தப்பா?

விடைத்தாள்: ஒரு பிள்ளையை வைத்து எதுவும் சொல்ல முடியாதும்மா. கணக்கு கும்பலின் சராசரிக்குத்தான். அடுத்து 90 வந்தால் திட்டியதால் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

சாக்பீஸ்: கூட்டினேன். இரண்டாம் தேர்வில் முதல் 8 பேர் சராசரி 81. முதல் தேர்வில் அவர்களே 73!

கறார்வாத்தியார்: மெத்தனத்தை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அந்த 0.7 எங்கிருந்து வந்தது? இதே வகுப்பில் எடுத்தால், கிளாஸ் கடைசி 8 பேரைத் தூக்கியதே அந்த எண்ணைக் குறைத்திருக்கும்.

விடைத்தாள்: சரியான கேள்வி. கிளாஸ் நடக்காத வேறு பிரிவின் இரண்டு தேர்வு மார்க்கில் எடுக்க வேண்டும். அங்கே 0.85 வந்தால் எதிர்பார்ப்பு 43தான். கிளாஸுக்கு 4 மார்க் மிஞ்சும். ஆனால் 8 பேரின் சராசரி 3, 4 மார்க் தானாகவே ஆடும், அதனால் அப்போதும் அடித்துச் சொல்ல முடியாது. அடுத்த முறை கடைசி 16 பேரை எடுத்து, சீட்டுக் குலுக்கி 8 பேருக்கு மட்டும் முதலில் கிளாஸ் வையுங்கள்.

கறார்வாத்தியார்: மற்ற 8 பேரின் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது?