புதுப்பிப்பு: அக்காவின் லேப்டாப், ஊட்டி

முன்பு கேட்டது: “வீடியோ கால்ல பத்து நிமிஷத்துல தானா அணைஞ்சிடுது. மதர்போர்டு போயிடுச்சா?”

கடைக்காரத் தம்பி முதலில் காற்று வெளிவரும் ஓட்டையில் கை வைத்துப் பார்த்தார். ஃபேன் இரைகிறது, காற்றோ வரவில்லை.

“போர்டு இல்லக்கா, க்ளீனிங் போதும்.”

“டேட்டா போயிடுமா தம்பி?” அக்கா பையை இறுக்கிப் பிடித்தபடி கேட்டார்.

“டிஸ்க்கைத் தொடவே மாட்டேன்.”

பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு ஃபேனைத் தூக்கினார். ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே கம்பளி போல ஒரு தூசிப் படலம். இங்கே ஸ்வெட்டர் நூலும் ஈரமும் சேர்ந்து அப்படிப் படியும். வெளியிலிருந்து ஊதினால் போகாது. ட்வீசரால் உரித்துத்தான் எடுக்க வேண்டும். மிச்சத்தை ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டார். விட்டால் அதிவேகத்தில் சுற்றி பேரிங் கெடும். ப்ராசசரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருந்தது, அதை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, புதிதாகக் கொஞ்சம் வைத்தார்.

“2240 மீட்டர்ல காற்று லேசு, அதான் சூடு” என்றார் பக்கத்தில் நின்றவர்.

“லேசுதான் சார், ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆனா குளிர் ஈடுகட்டிடும். போன வாரம் வரை ஓடுச்சே?”

“என்னோடது ஆன் ஆகவே மாட்டேங்குது, அதுக்கும் தூசிதானா?” என்றார் இன்னொருவர்.

“அது வேற கதைண்ணா, சார்ஜரோட கொண்டு வாங்க.”

வீடியோ கால் போட்டதும் முன்பு ப்ராசசர் சூடு 97 டிகிரி தொட்டது, இப்போது 74-இல் நிற்கிறது. சார்ஜர் இல்லாதபோது மட்டும் ஒருமுறை அணைந்தது. பேட்டரியா என்று இன்னும் பார்க்கவில்லை.