வலது காது சுத்தமா கேக்காது, ஆனா மாற்றுத்திறனாளி சான்றிதழ்ல 32% தான். அப்பாவுக்கு காது மிஷின் கிடைக்குமா?

குளச்சல் பையன்:
அப்பாவுக்கு 63 வயசு. முப்பது வருசம் வள்ளத்துல இன்ஜின் பக்கத்துலயே இருந்தவங்க. வலது காது போயே போச்சு. இடது காதுல சத்தமா பேசினா கேக்கும். தனியார் கடையில மிஷின் விலை கேட்டா தலை சுத்துது. அரசாங்கத்துல இலவசமா தருவாங்கன்னு சொன்னதால மெடிக்கல் போர்டுல காட்டினோம். 32% போட்டுட்டாங்க. 40 இல்லாம தரமாட்டாங்களாம். ஒரு காது முழுசா செத்துப்போன ஆளுக்கு 32 எப்படிங்க வரும்? திரும்ப காட்டலாமா?

வில்லுக்குறி ராஜா:
திரும்ப காட்டுங்க தம்பி. ஏதாவது ஒரு காதுல கேள்வி இழப்பு 60 டெசிபல் தாண்டினா போதும், 40% கண்டிப்பா உண்டு. இந்த தடவை பீப் சத்தம் கேட்டாலும் கை தூக்க வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லி வைங்க, அவ்வளவுதான்.

தக்கலை டீச்சர்:
ராஜா அண்ணே, அப்படி சொல்லிக்குடுக்காதீங்க. சந்தேகம் வந்தா பெரா டெஸ்ட் எடுப்பாங்க. தலையில வயர் ஒட்டி நரம்பையே பாக்குற டெஸ்ட், அதுல கையத் தூக்குற வேலையே கிடையாது. 60 டெசிபல் கணக்கு சட்டத்துல இருக்கு, ஆனா ரெண்டு காதுலயும் இருக்கணும்.

தம்பி, நல்லா கேக்குற காதைத்தான் பெரிசா எடுப்பாங்க. அந்தக் காதோட சதவீதத்தை அஞ்சால பெருக்கி, மோசமான காதோட சதவீதத்தைக் கூட்டி, ஆறால வகுக்கணும். உங்க அப்பா சீட்டுல காது காதா என்ன எழுதியிருக்கு?

குளச்சல் பையன்:
இடது 20, வலது 90ன்னு இருக்கு டீச்சர்.

தக்கலை டீச்சர்:
அப்போ 20ஐ அஞ்சால பெருக்கினா 100, அதோட 90 சேத்தா 190. ஆறால வகுத்தா 31.67, அதான் 32. போர்டு தப்பு பண்ணல. வலது காதுல நூறே போட்டாலும் 33 தான் வரும். திரும்ப காட்டி பிரயோஜனம் இல்ல.

நீங்க ஏறி நிக்கிறது அடிப் திட்டத்துக்கான வரிசை, மாற்றுத்திறனாளிகளுக்கு கருவி தர்ற மத்திய அரசு திட்டம். அதுக்குத்தான் 40%. மாச வருமானம் 22,500க்குள்ள இருந்தா முழு இலவசம். உங்க அப்பாவுக்கு 60 தாண்டியாச்சே, ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா பக்கம் வாங்க. ஏழை முதியோருக்கு கருவி தர, மத்திய அரசு 2017ல கொண்டு வந்த திட்டம். வயசானதால வர்ற குறைக்குத்தான் தர்றாங்க, அதனால 40% சான்றிதழ் கேக்க மாட்டாங்க. வறுமைக்கோட்டுக்கு கீழ இருக்கணும், இல்லைன்னா மாச வருமானம் 15,000க்குள்ள இருக்கணும். முதியோர் பென்ஷன் வாங்கினா அந்த ஆர்டரே போதும். இல்லைன்னா இ-சேவையில வருமானச் சான்றிதழுக்கு போடுங்க, கூட ஆதாரும் போட்டோவும்.

கருங்கல் லில்லி:
எங்க அம்மைக்கு பக்கவாதம், வீல்சேர் வேணும். இதே சீட்டு போதுமா?

தக்கலை டீச்சர்:
அம்மைக்கு 60 ஆச்சுன்னா வயோஸ்ரீயிலயே வீல்சேர் உண்டு. 60க்கு கீழன்னா முதல்ல சான்றிதழ் எடுத்துட்டு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல மனு. போறதுக்கு முன்னால வீட்டு வாசல், கக்கூஸ் வாசல் அகலத்தை டேப் வச்சு அளந்துக்கோங்க. எங்க பக்கத்து வீட்டுல வந்த சேர் இப்போ திண்ணையிலதான் கிடக்கு, உள்ள போகாது.

குளச்சல் பையன்:
எங்க போய் கேக்கணும் டீச்சர்? வலது காதுக்கு மிஷின் தருவாங்களா?

தக்கலை டீச்சர்:
நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு குடுங்க, ரசீது வாங்கிட்டு வாங்க. வயோஸ்ரீ முகாம் மூலமாத்தான் நடக்கும். இந்தக் கருவிகளை செய்யுற அலிம்கோங்குற மத்திய அரசு கம்பெனி ஆளுங்க வந்து முதல்ல பரிசோதனை பண்ணி பேர் எழுதுவாங்க. மிஷின் குடுக்குறது வேற ஒரு நாள், மாசக்கணக்குல ஆகலாம்.

செத்த காதுல மிஷின் மாட்டி பெரிய பலன் இருக்காது. இடது காதுக்குத்தான் கேளுங்க. அந்தக் காதுல சீழ் வடிஞ்சா முதல்ல ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல காட்டி சரி பண்ணுங்க.

ஓய்வு ரேடியோ மெக்கானிக்:
முகாம்ல வாங்கின மிஷின் பாதி பேருக்கு மேசை டிராயர்லதான் இருக்கும். எனக்கும் அப்படித்தான். கீ...ன்னு விசில் அடிச்சுது, கழட்டி வச்சுட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு ஒருத்தர் காதுல பசை மாதிரி ஊத்தி அச்சு எடுத்து மோல்டு செஞ்சு குடுத்தார், விசில் நின்னுது. ரெடிமேட் ரப்பர் இடுக்கு விட்டா சத்தம் வெளிய கசிஞ்சு திரும்ப மைக்குக்குள்ள போகும், அதான் விசில். மோல்டுக்கு கைக்காசு போச்சு. பேட்டரி ஸ்டிக்கரை உரிச்சதும் ஒரு நிமிசம் காத்து படட்டும், அப்புறம் போடுங்க.

வில்லுக்குறி ராஜா:
நான் ஒரு காது போதும்னு நினைச்சிட்டிருந்தேன். சரி.

குளச்சல் பையன்:
திங்கக்கிழமை போனேன். மனு நம்பர் குடுத்திருக்காங்க. முகாம் எப்போன்னு கேட்டேன், தகவல் வரும்னாங்க. வருமானச் சான்றிதழ்தான் இழுக்குது. வள்ளத்துப் பங்குல மாச வருமானம் எவ்வளவுன்னு வி.ஏ.ஓ. கேட்டா அப்பா என்ன சொல்லுவாங்க? மீன் பட்ட மாசம் ஒண்ணு, படாத மாசம் ஒண்ணு. யாராவது வள்ளத்துக்காரங்க இப்படி வாங்கியிருந்தா சொல்லுங்க.