காலில விழுந்து கும்பிடுறது: உங்கட வீட்டில எப்படி நடந்தது?

பம்பலப்பிட்டி மணமகள்
தை மாதம் எனக்குக் கல்யாணம், வெள்ளவத்தையில மண்டபம் எடுத்தாச்சு. அவர் லண்டனில பிறந்து வளர்ந்தவர். "உங்கட அம்மா அப்பா, என்ர அம்மா அப்பா, அம்மம்மா காலில விழுறதில எனக்குப் பிரச்சினையில்லை. மேடையில வரிசையா வாற பெரியப்பா, சித்தப்பா, அப்பான்ர ஒஃபிஸ் ஆக்கள் எல்லாருக்கும் ஏலாது" எண்டு சொல்லிப் போட்டார். அப்பா அண்டையில இருந்து முகத்தைத் தூக்கி வச்சிருக்கிறார். நீங்கள் மனசார விழுந்தது எப்ப, கட்டாயத்துக்கு விழுந்தது எப்ப எண்டு எழுதுங்கோ. "அந்தக் காலத்துப் பிள்ளையள்…" எண்டு தொடங்குறவை மன்னிக்க வேணும், அது வீட்டிலயே கிடைக்குது.

கொட்டாஞ்சேனைப் பேரன்
எங்க குடும்பம் அட்டனிலிருந்து வந்தது. தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, புதுத்துணியை மஞ்சள் தடவி சாமிகிட்ட வச்சு எடுத்து உடுத்துனதும் முதல் வேலை இதுதான். முதல்ல தாத்தா பாட்டி, அப்புறம் பெரியப்பா, கடைசியில அப்பா அம்மா. காசும் கிடைக்கும், பொய் சொல்ல மாட்டேன், சின்ன வயசுல அதுக்குத்தான் விழுந்தோம்.

பாட்டி கடைசி வருசம் படுக்கையில இருந்தாங்க. நான் கட்டில்கிட்ட போய்க் குனிஞ்சேன். காலை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டாங்க. "படுத்திருக்கவ கால்ல விழாதடா, அது செத்தவங்களுக்குச் செய்றது. என்னைத் தூக்கி உக்கார வை"ன்னாங்க. தலகாணியை முதுகுக்கு முட்டுக் குடுத்து உக்கார வச்சேன். முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு, "ம், இப்ப விழு"ன்னு சொன்னாங்க. விழுறவன் மட்டுமில்ல, வாங்கிக்கிறவங்களும் தயாராகணும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

வெள்ளவத்தை வாத்தியார்
பேரன் சொன்னது சரியான முறை. எங்கட யாழ்ப்பாணப் பக்கத்தில இது நாளாந்தம் செய்யிற வணக்கம் இல்லை, பிள்ளையள். வீட்டுக்கு ஒராள் வந்தால் கைகூப்பினால் போதும். விழுறது வருசப்பிறப்புக்கு, கல்யாணத்துக்கு, சோதனைக்கோ வெளிநாட்டுக்கோ போகேக்க. வருசத்தண்டு மருத்துநீர் வச்சுத் தோய்ஞ்சு, கோயிலால வந்து, பெரியாக்களைக் கும்பிட்டுத்தான் கைவிசேஷம் வாங்கிறது.

கும்பிடப்படுறவருக்கும் கடமை இருக்கு. இருந்தோ நிண்டோ அந்தப் பிள்ளையைப் பார்க்க வேணும், வலக்கையைத் தலையில வைக்க வேணும், வாயால ஏதும் நல்லது சொல்ல வேணும். துடக்கு வீட்டில 31ஆம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் நாங்கள் ஆசீர்வாதம் குடுக்கிறதுமில்லை, வாங்கிறதுமில்லை. இப்ப கனபேர் ஃபோனைக் காதில வச்சுக்கொண்டே "சரி சரி, எழும்பு" எண்டுகினம். பிள்ளையள் வெறுக்கிறது விழுகிறதையோ, இதையோ எண்டு எனக்குச் சந்தேகம்.

தெஹிவளை ரமேஷ்
இதில விஞ்ஞானம் இருக்கு. காலில நரம்பெல்லாம் முடியுது. கையை மாத்தி, வலக்கையால வலது காலையும் இடக்கையால இடது காலையும் தொட்டால் பெரியவையின்ர சக்தி சுற்றி எங்களுக்கு வரும்.

வெள்ளவத்தை வாத்தியார்
தம்பி, கையை மாத்தித் தொடுறது மெய். வேதம் படிக்கிற மாணவன் குருவை அப்பிடித்தான் தொட வேணும் எண்டு மனுநூலில இருக்கு. நரம்பெல்லாம் காலில முடியிறதுமில்லை, சக்தி சுற்றி வாற கதை அந்த நூலிலயும் இல்லை, விஞ்ஞானத்திலயும் இல்லை. அதே நூலில இன்னொண்டும் இருக்கு: இருபது வயசு நிரம்பின மாணவன் குருவின்ர இளம் மனைவியின்ர காலைத் தொடக்கூடாது, தள்ளி நிண்டு நிலத்தில விழுந்து கும்பிட்டால் போதும். ஆரைத் தொடலாம், ஆரைத் தொடக்கூடாது எண்ட கேள்வி லண்டன் மாப்பிள்ளை கொண்டு வந்ததில்லை.

மட்டக்குளி மாமி
மாப்பிள்ளைக்குக் கால் கழுவ விருப்பமில்லையெண்டால் விடுங்கோ. என்ர மகளின்ர கல்யாணத்தில தோழன் கழுவத்தான் செய்தான், மோதிரமும் போட்டவை. தண்ணி கொஞ்சம் குளிராப் போச்சு, அவ்வளவுதான்.

பம்பலப்பிட்டி மணமகள்
மாமி, அது பெண்ணின்ர தம்பி மாப்பிள்ளைக்குச் செய்யிறது. நான் கேட்டது நாங்கள் பெரியாக்களின்ர காலில விழுறதை. தம்பி இப்பவே மோதிரம் எத்தினை பவுண் எண்டு கேட்டுக்கொண்டு திரியுறான்.

கல்கிசை மருமகள்
என்ர கதை வேற. கணவரின்ர அண்ணிக்கு என்னைவிட வயசு குறைவு. முறையில மூத்தவ. கல்யாணமாகி வந்த முதல் வருசப்பிறப்புக்கு, எல்லாரும் இருக்கேக்க மாமி, "அண்ணி காலிலயும் விழு பிள்ளை" எண்டா. அந்தப் பிள்ளையே வெக்கத்தில காலைச் சீலைக்குள்ள இழுத்தவ. விழுந்தனான். அது சகோதரத்துக்குக் குடுத்த மரியாதை இல்லை, வீட்டில ஆர் எந்தப் படியில எண்டு எனக்குக் காட்டினது. அடுத்த முறை எங்கட அம்மா வீட்டுக்குப் போனம். இவர் என்ர அம்மாவுக்குக் கைகூப்பினார், அவ்வளவுதான். மருமகன் எண்டால் அது போதுமாம். அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

ஆனால் அப்பம்மா காலில இண்டைக்கும் ஆரும் சொல்லாமல் விழுவன். அவ தலையைத் தடவி, கன்னத்தையும் கிள்ளித்தான் விடுவா.

தெமட்டகொடை நானா
நாங்க படைச்சவனுக்கு மட்டும்தான் சுஜூது செய்றது, அதால வாப்பா உம்மாட கையைப் பிடிச்சு முத்தம் குடுக்குறதோட சரி. ஏப்ரல்ல சிங்களக் கூட்டாளி ஊட்டுக்குப் போவன். அங்க அவன் வெத்திலைக் கட்டை ரெண்டு கையாலயும் தாய்க்கிட்ட குடுத்து, முழங்கால் போட்டு, நெத்தி பாதத்துல படக் குனிஞ்சு கும்பிடுவான். தாய் தலையில கையை வச்சு "புதுசரணை" சொல்லுவா. அந்த ஊட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போற ஒவ்வொரு நாளும் இப்படித்தான். நான் வெத்திலையை மட்டும் குடுத்தன். தாய் என் தலையிலயும் கை வச்சா. குனியச் சொல்லல்ல, முகமும் மாறல்ல.

வத்தளை அன்ரி
நாங்கள் கத்தோலிக்கர். கோயிலுக்கு வெளிக்கிட முதல் வீட்டிலயே பெண் முழந்தாளிட, தாய் தகப்பன் நெத்தியில சிலுவை போட்டு விடுறது. தாய் தகப்பனோட முடிஞ்சுது, கியூ இல்லை.

கொட்டாஞ்சேனைப் பேரன்
கியூவை விட மோசமானது ஃபோட்டோகிராஃபர். என் அக்கா கல்யாணத்துல அவ அப்பா கால்ல விழுந்து அழுதுக்கிட்டே எழும்புறா, அவன், "லைட் சரியில்ல, இன்னொருக்கா விழுங்க"ன்னான். அப்பாவும் போய் மறுபடி அதே இடத்துல நின்னாரு. ஆல்பத்துல இருக்கிறது அந்த ரெண்டாவதுதான்.

வெள்ளவத்தை வாத்தியார்
மணமகளுக்கு: தாலி கட்டி முடிய, பெற்றவையையும் அம்மம்மாவையும் கும்பிடுங்கோ. மற்றப் பெரியாக்களுக்கு அறுகரிசி இருக்குத்தானே. அறுகம்புல்லும் மஞ்சளும் பாலும் சேர்ந்த அரிசியை அவை ரெண்டு கையாலயும் அள்ளிப் பாதம், முழங்கால், தோள், தலையில இட்டு வாழ்த்துவினம். நீங்கள் மணவறையில இருந்தபடியே கைகூப்பினால் காணும். அதுவும் முழு ஆசீர்வாதம்தான். அப்பாவிட்ட நான் சொன்னனெண்டு சொல்லுங்கோ.

தெஹிவளை ரமேஷ்
ஐயா, பெரியப்பா எண்டால் தகப்பன் முறை. அவரையும் மற்றவையோட அறுகரிசி வரிசையில விட்டால் ஊரில கதை வரும். எங்கட பெரியப்பா இப்பவும் என்ர தங்கச்சியோட கதைக்கிறேல்லை.

கல்கிசை மருமகள்
ரமேஷ், உங்கட பெரியப்பா எத்தினை தரம் தங்கச்சியின்ர தலையில கை வச்சவர்?

பம்பலப்பிட்டி மணமகள்
அறுகரிசியை அப்பா ஒத்துக்கொண்டிட்டார், வாத்தியார் ஐயா. ஆனால் பெரியப்பாவை மட்டும் விடேலாதாம், கனடாவில இருந்து இதுக்கெண்டே வாறாராம். மாப்பிள்ளையிட்ட இரவு கேட்டன். "பெரியப்பா என்ர பேரைச் சரியாச் சொன்னால் யோசிக்கிறன்" எண்டார். ஃபோட்டோகிராஃபருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கப் போறன், ஒருக்காத்தான் எண்டு.