சனல் பேனரில் பனைகள் தலையில்லாமல் நிற்கின்றன: பின்னணிப் படத்தை எப்படி அமைப்பது?

குளக்கட்டு, கிளிநொச்சி
வணக்கம். இரணைமடுவின் கீழுள்ள வயல்வேலைகளைக் காட்டும் யூடியூப் சனல் ஒன்று வைத்திருக்கிறேன். குளத்துப் பக்கம் விடியற்காலையில் எடுத்த படம் ஒன்றைப் பேனராக்கினேன். மேலே செவ்வானம், கீழே தண்ணீர், இடது ஓரத்தில் மூன்று பனைகள். 2560 x 1440 பிக்சல் அளவில் வெட்டி, நடுவில் பெயர் எழுதி, பெயரைச் சுற்றி வெள்ளைக்கோடும் போட்டேன். மடிகணினியில் பனைகளின் நடுத்தண்டு மட்டும்தான் தெரிகிறது. போனில் பனையே இல்லை. மாமா வீட்டு ரீவியில் முழுப்படமும் வருகிறது, ஆனால் அந்த வெள்ளைக்கோடு நடுவில் பெட்டிபோல மிதக்கிறது. அளவு சரியாகத்தானே கொடுத்தேன்?

அச்சுக்கூடம், முல்லைத்தீவு
தம்பி, நான் பிளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். வெட்டும்போது ஓரம் போகும் என்று சுற்றிவரக் கொஞ்சம் கூடுதலாக விட்டுத்தான் வடிவமைப்போம். நீங்களும் ஓரத்தில் ஒரு அங்குலம் விட்டால் சரிவரும்.

வன்னியூர்
அண்ணை, இது அச்சடிக்கிற பேனர் இல்லை. குளக்கட்டு, எந்தக் கருவியிலும் வெட்டுப்படாத பாதுகாப்பான இடம் 1235 x 338 தான். படத்தை அந்த அளவுக்குச் சுருக்கி நடுவில் வைத்துவிட்டு மிச்சத்தைக் கறுப்பாக விடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், போனில் ஒரு பிரச்சினையும் இல்லை.

பனையடி, மாங்குளம்
வன்னியூர் சொன்ன எண் சரி, ஆனால் அது 2048 x 1152 படத்துக்கு உரியது. ஏற்றக்கூடிய மிகச்சிறிய அளவு அதுதான். 2560 x 1440 படத்தில் அதே இடம் 1546 x 423 ஆகும். கறுப்பாக விட்டால் ரீவியில் பெரிய இருட்டுக்குள் ஒரு கீற்றுத்தான் தெரியும். மடிகணினியிலும் இரண்டு பக்கமும் கறுப்புத்தான்.

அச்சுக்கூடம் அண்ணை, அச்சில் போவது ஓரம் மட்டும். இங்கே ரீவிதான் முழுப்படத்தையும் காட்டும். மடிகணினி அகலம் முழுவதையும் எடுத்து, உயரத்தில் நடுவிலுள்ள 423 ஐ மட்டும் வைக்கும். ரப்பில் அகலமும் 1855 ஆகக் குறையும், போனில் 1546. போன் காட்டுவது முழுப்படத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

நினைவில் வைக்க ஒரு வழி: நாலு பக்கத்திலிருந்தும் 510 பிக்சல் உள்ளே வாருங்கள். கிடைக்கும் பெட்டிதான் எல்லாக் கருவியிலும் தெரியும் இடம்.

குளக்கட்டு, உங்கள் படத்தில் பனை எவ்வளவு உயரம்?

குளக்கட்டு
அளந்து பார்த்தேன், 900 வருகிறது. ஏறத்தாழ 40 மீற்றர் தள்ளி நின்று எடுத்தது.

பனையடி, மாங்குளம்
அதுதான் காரணம். 423 உயரப் பட்டைக்குள் 900 உயரப் பனை எப்படி நிற்கும்? இருக்கிற படத்தைச் சுருக்கினால் அகலம் போதாது, ஆகவே திரும்ப எடுக்கத்தான் வேண்டும். பனையை 330 ஆக்க, இரண்டே முக்கால் மடங்கு தூரம் போகவேண்டும். அதே போனில் ஸூம் செய்யாமல் 110 மீற்றரில் நின்று எடுங்கள். 4:3 படம் என்றால் மேலும் கீழும் வெட்டி 16:9 ஆக்குங்கள்.

பனையின் உச்சி மேலிருந்து 530 இலும் அடி 860 இலும் வரட்டும். இடப்பக்கம் 540 க்குள் எதையும் வைக்காதீர்கள். பனைகளை அதற்கு வலப்பக்கம் நிறுத்தி, பெயரை 900 இலிருந்து 2000 வரை எழுதலாம். மேலே வெறும் வானமும் கீழே வெறும் தண்ணீரும் இருக்கட்டும். எங்கே வெட்டினாலும் வெட்டியது தெரியாது.

வெள்ளைக்கோட்டை எடுத்துவிடுங்கள். நேர்க்கோடு எதுவும் ஒரு கருவியின் விளிம்புக்கு மட்டும்தான் பொருந்தும். எழுத்து தெளிவாக இல்லை என்றால் அதன் பின்னால் வானத்தைக் கொஞ்சம் கருமையாக்கி, ஓரங்களை அகலமாகக் கரையவிடுங்கள்.

நெல்வயல், வவுனியா
எனக்கும் இதே பிரச்சினை. வீடியோவின் முகப்புப்படத்தில் கீழே வலது மூலையில் எழுதினால் மறைகிறது. அதற்கும் 510 விடவேண்டுமா?

பனையடி, மாங்குளம்
அது வேறு விசயம். அந்த மூலையில் வீடியோவின் நேர அளவு வந்து உட்காரும். எழுத்தை இடப்பக்கம் மாற்றினால் போதும்.

குளக்கட்டு
இன்று காலை கட்டோடு பின்னுக்கு நடந்து போய் எடுத்தேன். ஏற்றும்போது வரும் வெட்டுச் சட்டத்தில் நடுப்பெட்டிக்குள் மூன்று பனையும் தலையோடு நின்றன. போனிலும் அப்படியே வந்திருக்கிறது. ஆனால் போனில் தண்ணீர் ஒரு மெல்லிய கீற்றாகத்தான் தெரிகிறது. குளம் என்று ஆருக்கும் விளங்காது போல.

பனையடி, மாங்குளம்
பனையை 250 ஆக்கினால் தண்ணீர் கூடும், பனை சின்னதாகிவிடும். உங்கள் சனலுக்கு எது முக்கியமோ அதன்படி செய்யுங்கள்.

குளக்கட்டு
வயல் சனல் என்றாலும் எனக்குக் குளம்தான் முக்கியம். நாளை இன்னும் தள்ளி நின்று எடுக்கிறேன். இன்னொன்று, மாமாவின் ரீவியில் படத்தின் கீழ்ப்பக்கம் இருண்டு தெரிகிறது. வேறு ஆருக்காவது இப்படி வருகிறதா?

வன்னியூர்
என் ரீவியில் இல்லை. அது என்ன ரீவி?